காப்புறுதிக் கம்பனி மேலதிக விவரம் கேட்டால்: உண்மையை எழுதுவது, பொறுப்பை ஏற்காமல் எழுதுவது

வாகன விபத்து நடந்து, கிளைம் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அசெசர் வந்து படம் எடுத்துப் போன பிறகு கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வரும். "உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கக் கீழ்க்காணும் விவரங்கள் தேவை" என்று ஐந்தாறு கேள்விகள் இருக்கும். அதைக் கண்டதும் சிலர் பயந்து பாதியை மறைத்து எழுதுகிறார்கள். வேறு சிலர் நல்ல மனதோடு, நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் கொட்டி, "பிழை எங்களுடையதுதான்" என்று கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதலாவது வழியில் கிளைம் போகும். இரண்டாவது வழியில், காயப்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போடும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நேரான வழி ஒன்று இருக்கிறது. நடந்ததைச் சொல்வது உங்கள் வேலை. நடந்ததற்குப் பெயர் வைப்பது, அதாவது "கவனயீனம்", "தவறு", "வாடகைப் பாவனை" என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மிகச் சிக்கலான கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் எழுதலாம். ஒரு சம்பவத்தை எடுத்து, அதன் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிப் பார்ப்போம்.

சம்பவம்

நிலாவெளியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர். சொந்த வேன், தனியார் பாவனைக்கென்று எடுத்த முழுக் காப்புறுதி. டிசம்பர் மாத மழை நாள் ஒன்றில், மாலை ஆறரை மணி தாண்டி, திருகோணமலை நகரில் ஏற்றிய சாமான்களோடு வேன் நிலாவெளி வீதியால் திரும்புகிறது. ஓட்டியவர் கடைக்காரரின் மச்சான். கடைக்காரர் வேனில் இல்லை, கடையில் இருந்தார்.

உப்புவெளியில் வீதியின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு மாடு நின்றது. மச்சான் வேனை இடப்பக்கம் எடுத்தார். அதே நேரம் இடப்பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வீதிக்கு ஏறியது. வேனின் முன் இடது மூலை அதில் பட்டு, ஓட்டிவந்த பொடியனுக்குக் கால் முறிந்தது. மச்சான் ஆட்டோ பிடித்து அவரைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். கம்பனியின் அவசர எண்ணுக்கு அழைத்தது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. பொலிஸில் முறைப்பாடு பதிந்தது மறுநாள் காலை.

இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வேனில் பக்கத்துக் கடைக்காரரின் மூட்டைகள் இரண்டும் வந்தன. அவர் டீசலுக்கென்று 2,000 ரூபாய் கொடுத்திருந்தார். வைத்தியசாலையில் பொடியனின் தகப்பனிடம் கடைக்காரர் 10,000 ரூபாயைக் கொடுத்து, "யோசிக்காதேங்கோ, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னார். வேனின் பின் கதவில் பழைய நெளிவு ஒன்று இருக்கிறது.

கம்பனி கேட்பது ஏழு விஷயம்: யார் ஓட்டினார், என்ன பயணம், எப்படி நடந்தது, என்ன வேகம், அறிவிக்க ஏன் தாமதம், மற்றத் தரப்புக்குப் பணமோ வாக்குறுதியோ கொடுத்தீர்களா, வேனில் முன்பே சேதம் இருந்ததா.

முதல் படி: கடிதம் யாருடையது என்று பாருங்கள்

கடிதத்தின் மேலே உங்கள் கம்பனியின் பெயரும் உங்கள் கிளைம் இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. கம்பனி விசாரிக்கும்போது ஒத்துழைக்க வேண்டும் என்று பத்திரத்தின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கும்.

கடிதம் மற்றத் தரப்பின் காப்புறுதிக் கம்பனியிடமிருந்தோ அவர்களுடைய சட்டத்தரணியிடமிருந்தோ வந்திருந்தால் கதையே வேறு. அவர்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. நீங்களாக ஒரு வரி கூடப் பதில் எழுதாமல், கடிதத்தை உறையோடு அன்றே உங்கள் கம்பனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். இப்படியான கடிதங்களை உடனே ஒப்படைக்க வேண்டும் என்பதும் மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக இருக்கும் நிபந்தனைதான். தொலைபேசியில் "நாங்கள் இன்சூரன்ஸிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது சொன்னாலும் முதலில் எந்தக் கம்பனி, கிளைம் இலக்கம் என்ன என்று கேளுங்கள். தெரியாதவரிடம் விபத்துக் கதையைச் சொல்லத் தொடங்காதீர்கள்.

பல கடிதங்களின் தலைப்பில் "விதவுட் பிரெஜுடிஸ்" என்று இருக்கும். கிளைமை ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை, எங்கள் உரிமைகளை வைத்துக்கொண்டே கேட்கிறோம் என்பதுதான் அதன் கருத்து. கோபப்பட ஒன்றுமில்லை. அதே வசனத்தை உங்கள் பதிலின் தலையில் எழுதினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கேட்ட விவரத்துக்குக் கொடுக்கும் நேரடிப் பதிலை அந்த வசனம் மூடிவைக்காது. உங்களைக் காப்பது உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான்.

இரண்டாம் படி: முன்பு சொன்னதை எடுத்து வாசியுங்கள்

எழுத உட்கார முன்னர் கிளைம் படிவத்தின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அசெசரிடம் கையெழுத்திட்ட தாள், தொலைபேசியில் இருக்கும் அழைப்பு நேரங்கள், படங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பல கிளைம்கள் சிக்குவது பெரிய பொய்யால் அல்ல. படிவத்தில் ஏழு மணி, பொலிஸில் ஆறரை, கடிதத்தில் "இருட்டின பிறகு" என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பதால்தான்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொலிஸிலோ அசெசரிடமோ நீங்கள் தமிழில் சொன்னது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, அவசரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கலாம். அந்தப் பிரதியை எடுத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வரி வரியாக வாசிப்பியுங்கள். மச்சான் "மாட்டுக்காக இடப்பக்கம் எடுத்தேன்" என்று சொன்னது, "வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது" என்று பதியப்பட்டிருந்தால் அது சாதாரண வித்தியாசம் அல்ல. அதைக் கண்டும் காணாததுபோல விடாமல் பதிலிலேயே எழுதுங்கள்: "பொலிஸ் பதிவில் இவ்வாறு உள்ளது. சாரதி தமிழில் கூறியது இது. பதிவு வேறு மொழியில் எழுதப்பட்டது." இனி வாக்குமூலம் கொடுக்கும் சந்தர்ப்பம் வந்தால் தமிழில் பதியும்படி கேளுங்கள். முடியாமல் போனால், வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து வையுங்கள்.

முன்பு சொன்னதில் உங்கள் பக்கப் பிழை ஒன்று இருந்தால், அதைப் புதிய கடிதத்தில் சத்தமில்லாமல் மாற்றி எழுதாதீர்கள். "படிவத்தில் ஏழு மணி என்று எழுதியிருந்தேன், அழைப்புப் பதிவைப் பார்த்தபோது 6.40 அளவில் என்று தெரிகிறது, அதைத் திருத்துகிறேன்" என்று எழுதினால் அது நேர்மையான திருத்தம். சொல்லாமல் மாற்றினால் முரண்பாடு.

மூன்றாம் படி: யாருக்கு என்ன தெரியும் என்று பிரியுங்கள்

நமது சம்பவத்தில் கடிதம் வந்தது வேன் உரிமையாளரின் பெயருக்கு. ஆனால் அவர் விபத்தைக் காணவில்லை. அப்படியிருக்க "வேன் மெதுவாகத்தான் வந்தது" என்று அவர் எப்படி எழுதுவார்? அதை எழுதினால், தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னவர் ஆகிறார். பிறகு அவர் சொல்லும் மற்ற உண்மைகளின் மேலும் சந்தேகம் விழும்.

ஆகவே கடிதத்தை இரண்டாக்குங்கள். உரிமையாளர் தனக்கு நேரடியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறார்: யாருக்கு வேனைக் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், எப்போது கேள்விப்பட்டார், யாருக்கு எவ்வளவு கொடுத்தார். விபத்து நடந்த விதத்துக்கும் வேகத்துக்கும் "நான் வாகனத்தில் இருக்கவில்லை, சாரதியின் கையெழுத்திட்ட கூற்றை இணைத்துள்ளேன்" என்று எழுதுகிறார். மச்சான் தனியாக, தன் சொற்களில், தான் கண்டதை எழுதிக் கையெழுத்திடுகிறார். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்து எழுதுவிக்கக் கூடாது. எழுத்துப் பிழை திருத்தலாம், சம்பவத்தைத் திருத்த முடியாது.

நான்காம் படி: பதில் எழுதுதல்

கம்பனியின் கேள்வி இலக்கத்தையே போட்டு, அதன் கீழே பதில் எழுதுங்கள். கட்டுரைபோல ஒரே மூச்சில் எழுதத் தொடங்கினால்தான் கேட்காத கதைகள் உள்ளே வருகின்றன.

யார் ஓட்டினார் என்ற முதல் கேள்வி இலகுவானது. பெயர், உறவு, சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், பிரதி. "என் அனுமதியுடன் ஓட்டினார்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான். மச்சான் எத்தனை வருடம் வெளிநாட்டில் வேன் ஓட்டினார், எவ்வளவு கெட்டிக்காரர் என்பதெல்லாம் யாரும் கேட்கவில்லை.

பயணம் பற்றிய இரண்டாவது கேள்விதான் உண்மையில் பாரமானது. "வாகனம் வாடகைக்கோ கட்டணத்துக்கோ பயன்படுத்தப்பட்டதா?" என்று கடிதம் கேட்கிறது. தனியார் பாவனைப் பத்திரத்தில் வாடகைக்கு ஓடுவது வழமையாகக் காப்புறுதிக்கு வெளியே நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பக்கத்தில் நிற்பவர்கள் "டீசல் காசை எழுதாதேங்கோ அண்ணை, கிளைமை வெட்டிப்போடுவாங்கள்" என்கிறார்கள். அந்தப் புத்திமதியைக் கேட்காதீர்கள். கேள்வி நேரடியாகக் கட்டணத்தைப் பற்றியது. அதற்கு "இல்லை" என்று எழுதினால் அது பொய். மூட்டைகளின் சொந்தக்காரரிடம் விசாரணையாளர் ஒரு தடவை பேசினால் போதும், வெளிவந்துவிடும். பொய்யான விவரம் கொடுத்தால் முழுக் கோரிக்கையையும் மறுக்கலாம் என்ற நிபந்தனை பத்திரங்களில் பொதுவாக இருக்கிறது. டீசல் காசைச் சொல்வதால் வரக்கூடிய கேள்வியைவிட, மறைத்ததால் வரும் மறுப்பு மிகவும் பாரதூரமானது.

ஆனால் உண்மையைச் சொல்வது என்றால் "ஆம், வாடகைக்கு ஓடினோம்" என்று எழுதுவதா? அதுவும் தேவையில்லை. வாடகையா இல்லையா என்பது பத்திரத்தின் வார்த்தைகளை வைத்து முடிவுசெய்யும் விஷயம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்:

> "வேன் எனது கடைக்கான சாமான்களை ஏற்றிவரச் சென்றது. அதே பயணத்தில் பக்கத்துக் கடைக்காரரின் இரண்டு மூட்டைகளும் ஏற்றப்பட்டன. அவர் டீசல் செலவுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார். வாடகை என்று எதுவும் பேசப்படவில்லை. அவருக்காகத் தனிப் பயணம் செய்யப்படவில்லை."

இதில் மறைத்தது ஒன்றுமில்லை, வைத்த பெயரும் ஒன்றுமில்லை. "வாடகை பேசப்படவில்லை" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். மாதாமாதம் அவர் மூட்டைகளைக் காசுக்கு ஏற்றுவதுதான் வழக்கம் என்றால், அந்த வரி முழுப் பொய்யாகிவிடும். அப்படியான நிலையில் பதில் எழுதும் முன்னரே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நல்ல வசனம் எழுதி இல்லாத உரிமையை உண்டாக்க முடியாது.

மூன்றாவது கேள்வி "விபத்து எவ்வாறு நடந்தது, யாருடைய கவனயீனம் காரணம்" என்று இரண்டை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறது. இங்கேதான் அநேகம் பேர் தடுக்குகிறார்கள். பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

> "மழையில் மச்சான் கொஞ்சம் அவசரமாக வந்துவிட்டார். மாட்டைக் கடைசி நேரத்தில்தான் கண்டிருக்கிறார். பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொடியன் எப்போதும் கண்மண் தெரியாமல் ஓடுபவன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்."

இந்த நாலு வரியில் உரிமையாளர் நேரில் கண்ட உண்மை ஒன்று கூட இல்லை. "அவசரமாக" என்பது அவருடைய ஊகம். "பிழை" என்பது முடிவு. ஊர்ப்பேச்சு இந்த மாலை நடந்ததற்குச் சான்று அல்ல. மற்றவரைப் பற்றி அவதூறாகவும் முடியலாம். கேட்காத விவரம் என்றால் நமக்குக் கெடுதியானது மட்டுமே என்று நினைக்கிறோம். மற்றவரைக் குறைசொல்லும் கேள்விப்பட்ட கதைகளும் அதே வகைதான், அவற்றையும் விட்டுவிடுங்கள்.

சாரதியின் கூற்று இப்படி இருக்கலாம்:

> "நகரிலிருந்து நிலாவெளி நோக்கி வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, முன்விளக்குகள் எரிந்தன. உப்புவெளியில் வீதியின் நடுக்கோட்டருகே மாடு நின்றதைக் கண்டேன். பிரேக் பிடித்து வேனை இடப்பக்கம் எடுத்தேன். இடப்பக்க ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள் வீதிக்கு வந்தது. வேனின் முன் இடது மூலை மோட்டார் சைக்கிளின் மேல் பட்டது. மோதலுக்கு முன் அதை நான் எவ்வளவு நேரம் கண்டேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கணம்தான் என்று நினைக்கிறேன். ஹோர்ன் அடிக்கவில்லை."

"இடப்பக்கம் எடுத்தேன்", "ஹோர்ன் அடிக்கவில்லை" ஆகிய இரண்டும் சாரதிக்குச் சாதகமானவை அல்ல. இருந்தும் அவை இருக்க வேண்டும், ஏனெனில் நடந்த விதத்தைத்தான் கேட்கிறார்கள், அவை நடந்த விதத்தின் பாகம். பாதகமான உண்மையைச் சொல்வது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. மாட்டைக் கண்டு வேனைத் திருப்பியது நியாயமா, ஒழுங்கையிலிருந்து ஏறியவர் பார்த்து ஏறினாரா, மாட்டைக் கட்டாமல் விட்டவருக்கு என்ன பொறுப்பு என்று பார்த்து, பங்கு பிரிப்பது தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் வேலை. நிலாவெளி வீதியில் மாலையில் மாடு நிற்பது நமக்குப் புதினம் இல்லை, கொழும்பில் இருந்து கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அது தெரியாமலிருக்கலாம். மாடு நின்ற இடத்தின் படம் இருந்தால் இணையுங்கள்.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு உரிமையாளர் எழுதவேண்டியது இவ்வளவுதான்: "விபத்தை நான் காணவில்லை. கவனயீனம் யாருடையது என்பதைப் பற்றி முடிவு கூற எனக்கு இயலாது. மேலே உள்ள விவரங்களையும் சாரதியின் கூற்றையும் கவனத்திற் கொள்ளவும்." இது தட்டிக்கழித்தல் அல்ல. கம்பனியின் எழுத்துமூல சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ நட்டஈடு தருவதாகச் சொல்லவோ கூடாது என்று உங்கள் பத்திரமே சொல்கிறது. எடுத்துப் பாருங்கள், நிபந்தனைகள் பகுதியில் இருக்கும்.

நாலாவது கேள்வி வேகம். மீற்றரைப் பார்க்காதவர் "மணிக்கு 38 கிலோமீற்றர்" என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். "மீற்றரைப் பார்க்கவில்லை. 40 அளவில் வந்ததாக நினைக்கிறேன். பொலிஸிலும் அவ்வாறே கூறினேன்" என்பது போதும். உத்தேசம் என்றால் உத்தேசம் என்று தெரிய எழுதுங்கள். உண்மையில் 60 அளவில் வந்தார் என்றால் 40 என்று எழுதச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நெளிவையும் வீதியில் டயர் இழுபட்ட தடத்தையும் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தாமதம் பற்றிய ஐந்தாவதுக்கு நேரங்களை வரிசையாக எழுதுங்கள், ஆதாரத்தோடு: விபத்து, வைத்தியசாலைக்குப் போனது, கம்பனிக்கு அழைத்தது, பொலிஸுக்குப் போனது. காயப்பட்டவரை முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதுதான் காரணம் என்றால் அது நல்ல காரணம், அலங்காரம் தேவையில்லை. பொலிஸுக்கு அடுத்த நாள் போனதற்கு உண்மையான காரணம் "இரவில் போகத் தோன்றவில்லை" என்பதே என்றால், இல்லாத காய்ச்சலைக் கற்பனை பண்ணி எழுதாதீர்கள். "இரவு வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்குத் திரும்பினோம், காலையில் பொலிஸ் நிலையம் சென்றோம்" என்று நடந்ததை எழுதுங்கள்.

ஆறாவது கேள்வி பணமும் வாக்குறுதியும். இதுவும் மறைக்கத் தோன்றும் இடம். காயப்பட்ட பிள்ளையின் தகப்பனிடம் வெறுங்கையோடு போக நம் ஆட்களுக்கு மனம் வராது. அது நல்ல மனம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்டுவிட்டார்கள், சொல்ல வேண்டும்:

> "அன்று இரவு வைத்தியசாலையில் அவருடைய தகப்பனாரிடம் மருந்து, போக்குவரத்துச் செலவுக்காக 10,000 ரூபாய் கொடுத்தேன். 'யோசிக்காதேங்கோ, பார்த்துக்கொள்ளலாம்' என்று கூறினேன். நட்டஈடு பற்றிப் பேசவில்லை. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அதன் பின் பணம் எதுவும் கொடுக்கவில்லை."

சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "ஆறுதல் சொன்னேன்" என்று மெழுகினால், நாளை தகப்பன் "பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர்" என்று சொல்லும்போது நீங்கள் ஒளித்ததாகப் படும். "பொறுப்பேற்றேன்" என்று எழுதினால் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். இனிமேல் போய்ப் பார்ப்பதில், சுகம் விசாரிப்பதில் பிழையில்லை. பணம் கொடுப்பதென்றால் முதலில் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏழாவது கேள்வி முன்னைய சேதம். கேள்வியின் வார்த்தையைப் பாருங்கள். "முன் இடது பகுதியில் முன்பு சேதம் இருந்ததா" என்று கேட்டிருந்தால், பின் கதவின் பழைய நெளிவு அதற்குள் வராது, எழுதத் தேவையில்லை. "வாகனத்தில் ஏதேனும் முன்னைய சேதம்" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பின் கதவும் வரும், எழுத வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சரிபாருங்கள். கராஜ் பாஸ் தந்த மதிப்பீட்டுத் தாளை வரி வரியாக வாசியுங்கள். "எப்படியும் கம்பனிதானே தருது" என்று பின் கதவையும் சேர்த்து எழுதியிருந்தால், அந்தத் தாளை அனுப்பிய கணத்தில் பழைய நெளிவு உங்கள் கோரிக்கையின் பாகமாகிவிடுகிறது. அந்த வரியை நீக்கிப் புதிய தாள் வாங்குங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால், "பின் கதவுக்கான தொகை இந்த விபத்துக்குரியதல்ல, அதை நீக்கவும்" என்று நீங்களே எழுதுங்கள்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

ஒரு விவரத்தைச் சேர்ப்பதா என்று தடுமாறினால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். கேட்ட கேள்விக்குள் இது வருகிறதா? இதை விட்டால் நான் எழுதிய பதில் வேறு அர்த்தம் தருமா? நான் முன்பு சொன்ன ஏதாவது இதனால் பிழையாகிறதா? ஒன்றுக்காவது "ஆம்" என்றால் எழுதுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால் விடுங்கள்.

மச்சானும் கடைக்காரரும் போன மாதம் காணி விஷயத்தில் வாய்த்தர்க்கப்பட்டது, கடையில் கடன் இருப்பது, இதே வேன் போன வருடம் கோவில் தேருக்குச் சனங்களை ஏற்றியது, இவையெல்லாம் மூன்றுக்கும் "இல்லை". ஆனால் "என் கடைச் சாமான் ஏற்றவே வேன் போனது" என்று மட்டும் எழுதி மூட்டைகளை விட்டால், எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் மொத்தத்தில் பதில் தவறான எண்ணத்தைத் தரும். இரண்டாவது கேள்வி அதைப் பிடித்துவிடும்.

தெரியாததற்குத் "தெரியாது" என்றும், ஞாபகமில்லாததற்கு "ஞாபகமில்லை" என்றும் எழுதலாம். உண்மையில் ஞாபகம் இருப்பதற்கு அந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: முடித்துக் கொடுப்பது

கடைசியில் ஒரு வசனம் சேருங்கள்: "இவை தங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் தரும் விவரங்கள். இக்கடிதம் விபத்துக்கான பொறுப்பை ஏற்பதாகக் கொள்ளப்படலாகாது." கீழே திகதி, கிளைம் இலக்கம், வாகன இலக்கம், இணைப்புகளின் பட்டியல்.

தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைப்பது நல்லது. மொழிபெயர்ப்பவரிடம் "பட்டது", "மோதினான்" போன்ற சொற்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். "வேனின் மூலை மோட்டார் சைக்கிளில் பட்டது" என்பதை "எங்கள் சாரதி அவரை அடித்துவிட்டார்" என்ற தொனியில் மாற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். தமிழ்ப் பிரதியே மூலம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கடிதத்தில் தந்த காலக்கெடு போதாது என்றால், அது முடிவதற்கு முன் எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள். பொலிஸ் பிரதி இன்னும் கிடைக்கவில்லை என்றால் மற்றப் பதில்களை அனுப்பி, பிரதி வந்ததும் தருவதாக எழுதுங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். அதன் பிறகு அலுவலர் தொலைபேசியில் மேலதிகமாக ஏதாவது கேட்டால், "எழுத்தில் அனுப்புங்கள், எழுத்தில் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சரி, ஒரு திகதி மட்டும் கேட்கிறார் என்றால் சொல்லிவிட்டு, அதையே குறுஞ்செய்தியில் உறுதிப்படுத்துங்கள்.

பொலிஸ் வழக்கு வந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கடிதத்தில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், நீதவான் நீதிமன்றத்தில் "தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவோம்" என்று கவனயீனமாக ஓட்டிய குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு வருகிறார்கள். ஒரு நாள் வேலை மிச்சம் என்ற எண்ணம். அந்த ஒப்புக்கொள்ளல் பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு வரும்போது உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படலாம். நட்டஈட்டு வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம் இருப்பதால், கால் சுகமாகி எல்லோரும் மறந்தபின்னும் அது வரக்கூடும். அழைப்பாணை வந்தவுடன் கம்பனிக்கு அறிவியுங்கள், சட்டத்தரணியோடு பேசுங்கள், பிறகு என்ன சொல்வது என்று முடிவெடுங்கள். உண்மையில் குற்றம் செய்திருந்தால் ஒப்புக்கொள்வது உங்கள் உரிமை. ஆனால் அதன் விளைவு தெரிந்து செய்யுங்கள்.

மறுத்துவிட்டால்

இவ்வளவும் செய்தும் "டீசல் காசு வாங்கியதால் கட்டணப் பாவனை" என்று கம்பனி மறுக்கக்கூடும். அப்போது எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிபந்தனையின் வார்த்தைகளை உங்கள் பதிலோடு வைத்து, செலவைப் பகிர்ந்ததும் வாடகை வாங்கியதும் ஒன்றல்ல என்று கம்பனியின் மேல்மட்டத்துக்கு எழுதலாம். அங்கும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறைப்பாடு செய்யலாம். கம்பனியின் இறுதிப் பதிலையும் நீங்கள் அனுப்பிய கடிதங்களின் முத்திரையிட்ட பிரதிகளையும் முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.